காசு கொடுத்தா ஹேக் ஆன இன்ஸ்டா கணக்கு திரும்பி வருமா?

மந்தைவெளி ஆரி வேலை:
ஆரி வேலை ப்ளவுஸ் தைச்சுக் கொடுக்கறேன். ஆறு வருஷப் பேஜ், 14 ஆயிரம் ஃபாலோயர்ஸ். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு கஸ்டமர் ஐடியிலேர்ந்து "போட்டிக்கு ஓட்டு போடுங்க, உங்க போனுக்கு வர்ற நம்பரை அனுப்புங்க"ன்னு மெசேஜ். அனுப்பிட்டேன். இப்ப மெயில், போன் நம்பர் ரெண்டையும் மாத்திட்டான். என் பேர்ல கிரிப்டோ ஸ்டோரி ஓடுது. கமெண்ட் ஒண்ணுல ஒருத்தர் நம்பர் கிடைச்சுது. 6,500 ரூபா, பாதி முன்பணம், 24 மணி நேரத்துல எடுத்துத் தரேங்கறார். கொடுக்கலாமா?

போரூர் பாலா:
தாராளமா கொடுங்கக்கா. போன வருஷம் நான் 4,000 கொடுத்தேன், ரெண்டே மணி நேரத்துல கணக்கு கையில வந்துச்சு. இங்க எல்லாரும் "ஏமாத்து, ஏமாத்து"ன்னு கத்துவாங்க. அவங்க யாரும் கணக்கைத் தொலைச்சதில்ல.

ரிச்சி தெரு பழைய ஆள்:
பாலா தம்பி, ஒரே கேள்வி. அவர் உங்ககிட்ட முதல்ல கேட்டது என்ன?

போரூர் பாலா:
ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டார். அப்புறம் ஒரு ஓடிபி. வேற எதுவும் இல்ல.

ரிச்சி தெரு பழைய ஆள்:
அதான் விஷயம். கணக்கோட மெயிலை யார் மாத்தினாலும், பழைய மெயிலுக்கு security@mail.instagram.com-லேர்ந்து ஒரு தகவல் போகும். "இதை நீங்க மாத்தலைன்னா இங்க அழுத்துங்க"ன்னு அதுல ஒரு லிங்க் இருக்கும். அழுத்தினா பழைய மெயில் திரும்பிடும். அவர் உங்க மெயில் பெட்டியைத் திறந்து அதைத்தான் அழுத்தியிருக்கணும். நீங்களே இலவசமா செஞ்சிருக்கலாம். அதுக்கு 4,000 போச்சு, கூடவே உங்க ஜிமெயில் சாவியும் முன்பின் தெரியாத ஒருத்தர் கையில போச்சு. அந்தப் பாஸ்வேர்டை அப்புறமாவது மாத்தினீங்களா?

போரூர் பாலா:
மாத்தல. இப்ப மாத்தறேன். ஆனா சார், எனக்கு அந்த லிங்க் சங்கதி தெரியாது. தெரிஞ்சவன் கூலி வாங்கறதுல என்ன தப்பு? பிரவுசிங் சென்டர்ல பாஸ்போர்ட் ஃபார்ம் நிரப்பித் தர காசு வாங்கறதில்லையா?

தாம்பரம் தாத்தா:
என் பேரன் கணக்கும் இப்படித்தான் போச்சு. விதிமுறை மீறினதா சொல்லி முடக்கிட்டாங்க. அப்பீல் போட்டோம், பத்து நாள்ல வந்துடுச்சு. அம்மா, நீயும் அப்பீல் போடு.

ரிச்சி தெரு பழைய ஆள்:
தாத்தா, அது கம்பெனி பூட்டின பூட்டு. இது திருடன் போட்ட பூட்டு. அந்த வழி இதுக்கு ஆகாது.

பாலா, பிரவுசிங் சென்டர்காரர் உங்க பக்கத்துல உட்கார்ந்து நிரப்பறார். ஓடிபியை நீங்களே தட்டறீங்க. அப்படி ஒருத்தருக்கு முந்நூறு ரூபா கொடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன். இங்க கமெண்ட்ல நம்பர் போடறவன் முகமே தெரியாது.

அண்ணா நகர் அரை இருட்டு:
ரெண்டு பேருமே பாதிதான் சொல்றீங்க. உள்ள ஆள் வெச்சு எடுக்கறவங்க நிஜமாவே இருக்காங்க. 2022 நவம்பர்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல வந்துச்சு. மெட்டாவுக்குள்ள 'ஊப்ஸ்'னு கணக்கு மீட்கற கருவி ஒண்ணு இருந்துச்சு. அதைக் காசுக்குப் பயன்படுத்தின ஊழியர்கள், காண்ட்ராக்ட் காவலாளிகள் மேல நடவடிக்கை எடுத்தாங்க, சிலரை வேலையை விட்டே தூக்கினாங்க. அப்ப காசு கொடுத்தா வரும்தானே?

ரிச்சி தெரு பழைய ஆள்:
செய்தி சரி, முடிவு தப்பு. அது லஞ்சம். பிடிபட்டா வேலையே போயிடும். ஆனா அந்தச் செய்தி வந்ததிலேர்ந்து எல்லா ஏமாத்துக்காரனும் "எனக்கு உள்ள ஆள் இருக்கு"ங்கறான். 6,500 ரூபாய்க்கு உள்ள இருக்கற ஆள் வேலையைப் பணயம் வைப்பானா?

மந்தைவெளி ஆரி வேலை:
இதுக்குள்ள அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டார். "எடுத்தாச்சு, மீதி 3,250 போட்டா பாஸ்வேர்டு தரேன்"ங்கறார். நான் முன்பணமே கொடுக்கலையே!

ரிச்சி தெரு பழைய ஆள்:
ஸ்கிரீன்ஷாட்டை யார் வேணா தயாரிக்கலாம். பயோவுல 'மல்லிகை'ன்னு ஒரு வார்த்தை போடச் சொல்லுங்க. போட முடியலைன்னா பொய். போட்டுட்டா அதைவிட மோசம். நீங்க எதுவுமே கொடுக்காம அவன் உள்ள போயிருக்கான்னா, பூட்டை உடைச்சவனே அவன்தான், இல்ல அவன் கூட்டாளி. ரெண்டுலயும் பதில் ஒண்ணு: கொடுக்காதீங்க.

இப்ப சொல்லுங்க, பேஜ் ஆரம்பிச்சப்போ யாரோட மெயில் கொடுத்தீங்க?

மந்தைவெளி ஆரி வேலை:
கொழுந்தனாரோடது. அவர்தான் 2019ல ஆரம்பிச்சுக் கொடுத்தார். அவர் பெங்களூர்ல இருக்கார்.

ரிச்சி தெரு பழைய ஆள்:
உடனே போன் போடுங்க. இன்பாக்ஸ், ஸ்பாம், குப்பை மூணையும் பார்க்கச் சொல்லுங்க. ஜிமெயில் குப்பையில 30 நாள் இருக்கும். அனுப்பின முகவரியை எழுத்து எழுத்தா சரிபார்க்கணும், இதே மாதிரி போலி மெயிலும் சுத்துது. நீங்க எப்பவும் பயன்படுத்தற அதே போன், அதே வைஃபையிலேர்ந்து முயற்சி பண்ணுங்க, புது இடத்துலேர்ந்து வந்தா சந்தேகம் கூடும்.

மந்தைவெளி ஆரி வேலை (மறுநாள்):
மெயில் கிடைச்சுது! கொழுந்தனார் அழுத்தினார், பழைய மெயில் திரும்பிடுச்சு. பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. ஆனா உள்ள போகும்போது ஆறு இலக்க நம்பர் கேட்குது. அது என் போனுக்கு வரவே இல்ல.

பயோ சோதனையும் செஞ்சேன். "அதெல்லாம் சிஸ்டம்ல லாக் ஆகியிருக்கு மேடம்"னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டார்.

ரிச்சி தெரு பழைய ஆள்:
திருடன் தன்னோட ஆப்ல இரட்டைப் பாதுகாப்பை வெச்சுட்டான். நம்பர் அவன் போன்லதான் ஓடும். பாலாவோட கதை இங்கதான் உங்களோடதுலேர்ந்து மாறுது, அவருக்கு வந்தவன் இதைச் செய்யல.

நம்பர் கேட்கற திரையிலேயே 'வேற வழியில முயற்சி' இருக்கும். அதுல போய் உதவி கேளுங்க. instagram.com/hacked-லயும் தொடங்கலாம். முகத்தை இப்படி அப்படித் திருப்பி வீடியோ எடுக்கச் சொல்வாங்க. பேஜ்ல உங்க முகம் இருக்கற படம் இருக்கா?

மந்தைவெளி ஆரி வேலை:
எல்லாமே ப்ளவுஸ்தான். 2023 பொங்கலுக்கு மட்டும் நானே போட்டுக் காட்டின ஒரு ரீல்.

ரிச்சி தெரு பழைய ஆள்:
ஒண்ணாவது இருக்கே. முகமே இல்லாத கணக்குக்கு வீடியோ பயன்படாது, அப்ப ஆரம்பிச்ச மெயில், போன் நம்பர், எந்த மாதிரி போன்னு கேட்பாங்க. உங்களுக்கு ரெண்டும் கலந்து வரலாம். நான் வாக்கு கொடுக்க மாட்டேன். கடைக் கணக்குகள் ரொம்ப நாள் இழுத்ததைப் பார்த்திருக்கேன்.

அண்ணா நகர் அரை இருட்டு:
வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் போனா ஒரே நாள்ல வந்துடுமே?

ரிச்சி தெரு பழைய ஆள்:
போலீஸ் கணக்கை எடுத்துத் தர மாட்டாங்க தம்பி. ஆனா கிரிப்டோ ஸ்டோரியைப் பார்த்து ஒரு கஸ்டமர் பணம் போட்டுட்டா, நாளைக்கு கை நீட்டுவாங்க இவங்களைத்தான். அதனால cybercrime.gov.in-ல புகார் பதிஞ்சு எண்ணை வாங்கி வெச்சுக்கங்க. யாராவது பணம் போட்டிருந்தா அவங்க 1930க்கு உடனே போன் பண்ணணும், மணி நேரம் போகப் போக பணம் நகர்ந்துடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் "என் இன்ஸ்டாவை நம்பாதீங்க"ன்னு போடுங்க.

போரூர் பாலா:
சரி சார், ஜிமெயில் மாத்திட்டேன். உள்ள யாரோ ஒருத்தரோட போன் ஏற்கனவே லாகின்ல இருந்துச்சு. அதை வெளியேத்திட்டேன்.

மந்தைவெளி ஆரி வேலை:
புகார் பதிஞ்சாச்சு. வீடியோ அனுப்பிட்டேன், பொங்கல் ரீல்ல போட்டிருந்த அதே மூக்குத்தியோட. பதில் இன்னும் வரல. தைக்க வேண்டிய ஆர்டர் பதினெட்டு, எல்லாமே அந்த இன்பாக்ஸ்லதான் மாட்டிட்டு இருக்கு. நினைவுல இருக்கற அளவை நோட்டுல எழுதிட்டு இருக்கேன்.