புதுப்பிப்பு: டைல்ஸ் பெட்டி போட்டோவில் ஷேட் எண்

கேட்டிருந்தது: "ஹாலில் நாலு டைல்ஸ் உடைஞ்சு போச்சு. பழைய பெட்டியோட போட்டோ மட்டும்தான் இருக்கு. அதே ஷேட் கிடைக்குமா?"

டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னது சரி: பெட்டியில் பெரிதாக அச்சடித்த டிசைன் பெயரும் 600×600 அளவும் எந்த பேட்ச்சிலும் மாறாது. பேட்ச்சுக்குப் பேட்ச் மாறுவது ஷேட். அதற்குப் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் மங்கலான கறுப்பு மையில் அடித்திருக்கும் வரி. போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் ஷேட் எண் வந்துவிட்டது. கடைசி எழுத்து மட்டும் 8 ஆகவும் படிக்கலாம், B ஆகவும் படிக்கலாம். பழைய பில்லில் ஷேட் எழுதியிருந்தால் முடிவாகும். பல கடைகள் எழுதுவதில்லை.

"டைலைத் திருப்பி முதுகைப் பாருங்க" என்ற தம்பியின் யோசனை பாதி உதவும். கம்பெனி முத்திரை தெரியும், ஷேட் தெரியாது. உடைந்த துண்டைக் கடைக்கு எடுத்துப் போவதுதான் நல்லது. துடைத்து, வெளியே பகல் வெளிச்சத்தில் புது டைலுக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்து, நின்றபடி பார்க்க வேண்டும். கடை விளக்கில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

அதே நிறம் திரும்ப வாங்க பழைய பெயின்ட் டப்பாவில் எதைப் போட்டோ எடுப்பது என்று கேட்ட அக்காவுக்கு: மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். ஷேட் கோடு மட்டும் போதாது, நிறம் கலந்த அடிப்படை பெயின்ட், அதாவது எந்த பேஸ் என்பதும் வேண்டும்.

இப்போது ஒரு கடையில் டைல்ஸின் ஷேட் பொருந்துகிறது, ஆனால் பெட்டியில் 600×600 என்றே இருந்தாலும் உண்மையான அளவைக் காட்டும் சைஸ் குறி வேறு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலும் மெல்லிய இடைவெளியில் கோடு விலகித் தெரியும். சோபாவுக்கு அடியில் இருக்கும் பழைய டைல்ஸைச் சேதமில்லாமல் பெயர்த்து உடைந்த இடத்தில் போட முடியுமா என்று கொத்தனார் பார்த்த பிறகே வாங்குவதா என்பது தெரியும்.