வரி போடும் அடிப்படைத் தொகை தப்பினால் எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

வணிகவியல் ஆசிரியர்களே, ஒரு உதவி வேண்டும். பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளின் ஜிஎஸ்டி பட்டியல் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலி வியாபாரி தென்காசிக் கடைக்குச் சரக்கு விற்கிறார். விலை 20,000 ரூபாய், வியாபாரத் தள்ளுபடி 10 சதவீதம், பேக்கிங் 500, வரி 18 சதவீதம். தள்ளுபடி பட்டியலிலேயே இருப்பதால் அதைக் கழித்து, பேக்கிங்கைக் கூட்டி, 18,500-க்குத்தான் வரி. மொத்தம் 3,330, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 1,665.

பாதிப் பேர் 18,000-க்கு 3,240 என்று வரி போட்டுவிட்டு, கடைசியில் பேக்கிங்கைச் சேர்த்திருக்கிறார்கள். வரியில் 90 ரூபாய் குறைகிறது. அந்த 90-ஐ 0.18-ஆல் வகுத்தால் 500 வரும். விட்டது பேக்கிங் என்று உடனே தெரிந்துவிடும். இன்னும் சிலருக்கு 3,690 வந்திருக்கிறது. 360 அதிகம், வகுத்தால் 2,000. அதாவது தள்ளுபடியைக் கழிக்காமலே வரி போட்டிருக்கிறார்கள்.

சரி, பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிறேன். மதிப்பெண்தான் குழப்புகிறது. அடிப்படைத் தொகை தப்பு, ஆனால் அதன் மேல் பெருக்கலும் இரு பாதியாகப் பிரித்ததும் சரி. அந்தப் படிகளுக்கு நீங்கள் மதிப்பெண் தருகிறீர்களா? பேக்கிங்கை விட்டவனையும் தள்ளுபடியை விட்டவனையும் ஒரே மாதிரிதான் குறைக்கிறீர்களா? அப்புறம், 10 நாளில் பணம் கட்டினால் 2 சதவீதம் என்ற ரொக்கத் தள்ளுபடியையும் வரிக்கு முன்பே கழித்துவிடும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைக்கிறீர்கள்? நாளை மறுநாள் தாள் கொடுக்க வேண்டும்.