தாடையோரப் பருக்கள் குறையவே இல்லை: எதைப் பூசலாம்?

உப்புவெளி_31
பள்ளிக்கூடக் காலத்தில்கூட எனக்குப் பரு வந்ததில்லை. இப்போது தாடை ஓரத்திலும் நாடியிலும் தொட்டாலே நோகும் கட்டிகளாக வருகின்றன. ஒன்று வற்றுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. எந்த கிரீம் நல்லதென்று விரைவாகச் சொல்லுங்கள்.

கடற்காற்று
தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்தான் காரணம். திருகோணமலை வெயிலில் அது முகத்துக்கு வழிந்து துவாரங்களை அடைத்துவிடும்.

லிங்கநகரான்
எனக்கு ஹெல்மெட் பட்டி உரசி நாடியில் வந்தது. பட்டியைத் துவைத்தேன், குறைந்தது.

மூத்தவர்
வயது, மாதவிடாய், உட்கொள்ளும் மருந்து எதையும் எழுதாமல் கிரீமின் பெயரைக் கேட்டால், சாத்திரியாரிடம்தான் போக வேண்டும். கேட்கத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மருந்துக்கடை
ஏச்சு வேண்டாம், ஆனால் அந்த விபரங்கள் தேவை. தலை எண்ணெயால் வருவது பெரும்பாலும் நெற்றியிலும் முடியோரத்திலும் சிறு முனைகளாக இருக்கும். வளர்ந்த பெண்ணுக்குத் தாடையில் ஆழமான கட்டிகள் வந்தால் ஹோர்மோனை முதலில் நினைக்க வேண்டும். மாதவிடாய் எப்படி? கருத்தடை ஏதும் உண்டா? முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?

கடற்காற்று
எண்ணெயை விட்டபின் என் தங்கையின் முகம் தெளிந்தது. அதற்கென்ன சொல்கிறீர்கள்?

மூத்தவர்
உங்கள் தங்கைக்கு எங்கே வந்தது, நெற்றியிலா தாடையிலா? அதைச் சொல்லாமல் வாதாடுவதில் பயனில்லை.

உப்புவெளி_31
வயது 31. ஏப்ரலில் கையில் கருத்தடைக் குச்சி வைத்தேன், ஜூனில் பரு தொடங்கியது. மாதவிடாய் அதன்பின் ஒழுங்கில்லை. அது வழமை என்றார்கள். இரவில் வெண்மையாக்கும் கிரீம் ஒன்று பூசுகிறேன், டப்பாவில் உள்ளடக்கம் எழுதப்படவில்லை.

மருந்துக்கடை
அந்தக் குச்சியிலிருந்து கசியும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன், எண்ணெய்ச் சுரப்பியின் மீது ஆண் ஹோர்மோனைப் போலச் சிறிதளவு செயற்படக்கூடியது. கூட்டுக் கருத்தடைக் குளிகையில் அதை ஈடுசெய்ய ஈஸ்ட்ரஜன் இருக்கிறது, குச்சியில் இல்லை. சிலருடைய சுரப்பி சாதாரண ஹோர்மோன் அளவுக்கே மிகையாகச் சுரப்பதால், இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் ஹோர்மோனை விலக்கிவிட முடியாது. குச்சிக்கு முன்பே மாதவிடாய் தவறியிருந்தாலோ, நாடியில் தடித்த முடி முளைத்தாலோ, சூலகக் கட்டிகளையும் பார்க்க வேண்டும்.

கிரீமும் தனிச் சந்தேகம்தான். ஸ்டீரொய்ட் கலந்ததென்றால் ஒரே அளவிலான சிறு சிவந்த பருக்கள் வரும், நிறுத்திய முதல் வாரங்களில் இன்னும் பொங்கும். அதற்குப் பயந்து மீண்டும் பூசுவோர் ஏராளம். குச்சியை எடுப்பதா என்பதைக் குடும்பநல மாதுவிடமும் வைத்தியரிடமும் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை இரவில் 0.1 வீத அடாபலீன் என்ற பரு மருந்தைக் கடலையளவு எடுத்து, கட்டியின் மேல் மட்டுமன்றித் தாடை முழுவதும் மெல்லிதாகப் பூசலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். குச்சியை எடுத்துப் பிள்ளைக்கு முயல்வதென்றால் அடாபலீனை நிறுத்த வேண்டும்.

லிங்கநகரான்
குச்சி என்றால் சவர்க்காரக் குச்சியா?

உப்புவெளி_31
கிரீமை நிறுத்தினேன், முகம் சிவந்து எரிகிறது. புதன்கிழமை கிளினிக்.