'ஷாட் லிஸ்ட்'டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கீழமாசி வீதி எழுதியது:
இணையக் கடைக்காகச் சுங்குடிச் சேலைகளைப் படமெடுக்கும் பையன்களுக்குக் கையேடு ஒன்று எழுதுகிறோம். எந்தச் சேலையை எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும், அந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாளை ஷாட் லிஸ்ட் என்கிறார்கள். 'காட்சிப் பட்டியல்' என்று போடலாமா?

அனுப்பானடி எழுதியது:
காட்சி என்றால் சினிமா நினைவுதான் வரும். 'கோணப் பட்டியல்' போதும். முழுச் சேலை, முந்தானை, பார்டர், புள்ளி நெருக்கம் என்று நாலு கோணம். வெள்ளைத் திரையைக் கட்டி, கேமராவை ஆட்டோவில் விட்டால் பின்னணி தானாக ஒரே மாதிரி வந்துவிடுமே.

சிம்மக்கல் எழுதியது:
அனுப்பானடித் தம்பி, கோணம் சரி, ஆட்டோ சரியில்லை. அரக்குச் சேலை சட்டத்தை நிறைத்தால், கேமரா சிவப்பு அதிகம் என்று எண்ணி நீலப் பக்கம் தள்ளும். இருட்டாக இருக்கிறதென்று வெளிச்சத்தையும் கூட்டும். அடுத்து வெளிர்நீலச் சேலை வந்தால் இரண்டும் மறுபக்கம் போகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருபத்துநாலு சேலைக்கு இருபத்துநாலு வெள்ளை தெரியும். சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை ஒருமுறை பிடித்து, வெளிச்ச அளவையும் மேனுவலில் பூட்ட வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இது பட்டியலே இல்லை, அட்டவணை. பள்ளிக் கணக்கில் படித்த நிரை, நிரல் இங்கே அப்படியே பொருந்தும். சேலை ஒவ்வொன்றும் ஒரு நிரை, கோணம் ஒவ்வொன்றும் ஒரு நிரல். 24 சேலை, 4 கோணம், ஆக 96 கட்டம். ஒரு கட்டம் என்பது ஒரு படம், ஒரு கோப்புப் பெயர்.

```
sgd-009-02.jpg
```

ஒன்பதாம் சேலை, இரண்டாம் நிரல், அதாவது முந்தானை. எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. முன்னால் சுழியம் போடாவிட்டால் எழுத்து வரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் போய் உட்காரும்.

பெயர் நிரையாகப் போகிறது. படம் எடுப்பதோ நிரலாக. 24 முந்தானையையும் எடுத்து முடித்த பிறகே ஸ்டாண்டை நகர்த்த வேண்டும். மூன்று கால் இருந்த இடத்திலும் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள். சேலைக்குச் சேலை கோணம் மாற்றினால் உயரமும் தூரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். நாலாம் நிரலில் மட்டும் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும். நேர் வெளிச்சத்தில் அது அமுங்கி, அச்சடித்த புள்ளி போலத் தெரியும்.

ஆரப்பாளையம் எழுதியது:
நான் விற்பது பித்தளைக் குத்துவிளக்கு. அதற்கு முந்தானையும் கிடையாது, முன்பக்கமும் கிடையாது. எனக்கு இந்தத் தாள் எதற்கு?

சிம்மக்கல் எழுதியது:
அண்ணே, அதற்காகத்தான் கோப்புப் பெயரில் கோணத்தின் பெயரை விட்டுவிட்டு எண் போட்டோம். விளக்குக்குத் தனி அட்டவணை போடுங்கள். 02 அங்கே அடித்தட்டாக இருக்கட்டும்.

கீழமாசி வீதி எழுதியது:
எடுத்து முடித்ததும் 24 படம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, வரிசையாகப் பெயர் மாற்றினால் போதும்தானே?

சிம்மக்கல் எழுதியது:
போதாதுங்க. ஒன்பதாம் சேலையை ஆடிவிட்டதென்று இரண்டு முறை எடுத்து, பதினேழை விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். எண்ணிக்கை 24 சரியாக வரும். கடைசிச் சேலையும் சரியாக இருக்கும். ஆனால் 010 முதல் 017 வரை எட்டுப் பெயரும் ஒவ்வொன்று தள்ளியிருக்கும். பச்சை கேட்டவருக்கு அரக்கு போய்ச் சேரும். அதனால் எண் எழுதிய சீட்டைச் சட்டத்தின் ஓரத்தில், வெட்டி எறியும் பகுதிக்குள் வைத்தே எடுங்கள். பெயர் மாற்றிய பிறகுதான் வெட்ட வேண்டும். நெருக்கப் படத்தில் சீட்டுக்கு இடமிருக்காது. அங்கே ஒவ்வொரு சேலைக்கும் முன்னால் சீட்டை மட்டும் தனியாக ஒரு படம்.

அனுப்பானடி எழுதியது:
ஒத்துக்கொள்கிறேன், பட்டியல் இல்லை. 'பட அட்டவணை' என்போமா?

கீழமாசி வீதி எழுதியது:
புத்தகங்களில் உள்ள படங்களின் பட்டியலோடு அது குழம்பும். 'எடுப்பட்டவணை'?

ஆரப்பாளையம் எழுதியது:
எடுப்பு என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழைய எடுப்புக் கக்கூஸ்தான் ஞாபகம் வரும். வேண்டாமே.

சிம்மக்கல் எழுதியது:
'படக்கட்டம்' என் தேர்வு. கட்டம் போட்ட தாள் என்று பையனுக்குச் சட்டென்று புரியும். எடுத்த கட்டத்தை அடித்துக்கொண்டே வரலாம், காலியாக நிற்பது எடுக்காதது.

கீழமாசி வீதி எழுதியது:
தாளுக்கும் கட்டம், அதிலுள்ள ஒரு சதுரத்துக்கும் கட்டமா? இப்போதைக்குக் கையேட்டில் 'படக்கட்டத் தாள்' என்று போடுகிறேன். ஓரத்தில் வைக்கும் சீட்டுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்.