10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி: அதை விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு போகிறது?

நெல்லித்தோப்பு பைப் கடை, கணக்குப் பிரிவு

புதுச்சேரியில் ஒரு பைப், ஃபிட்டிங்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறேன். எங்களுக்குச் சரக்கு தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பில்லின் அடியில் ஒரு வரி எப்போதும் இருக்கும். 10 நாளில் பணம் வந்தால் 2 சதவீதம் சி.டி. என்கிற ரொக்கத் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுப்பணம். முதலாளி அண்ணன் எப்போதும் 30 நாள்தான். "ரெண்டு பர்சென்ட்டுக்காக இருபது நாள் முன்னாடியே காசைத் தூக்கிக் கொடுக்கணுமா? சும்மா கிடைக்கிற கடன்மா அது" என்பார்.

சும்மா கிடைக்கிறதா என்று ஒரு பில்லை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரக்கு 2,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 36,000, ஆக மொத்தம் 2,36,000. சி.டி. சரக்கு மதிப்புக்கு மட்டும்தான், வரிக்குக் கிடையாது. அதனால் தள்ளுபடி 4,000. பத்தாம் நாள் 2,32,000 கட்டினால் கணக்குத் தீர்ந்தது. முப்பதாம் நாள் என்றால் 2,36,000. அப்படியானால் 2,32,000 ரூபாயை இன்னும் 20 நாள் கையில் வைத்துக்கொள்ள 4,000 ரூபாய் கொடுக்கிறோம். 4,000ஐ 2,32,000ஆல் வகுத்தால் 1.72 சதவீதம். இது வெறும் 20 நாளுக்கு. ஓர் ஆண்டில் இப்படி 18.25 தடவை 20 நாள் இருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 31.5 சதவீதம்.

அண்ணனிடம் இதைச் சொன்னதும், "அதெல்லாம் புஸ்தகக் கணக்கு, கல்லாவுல தெரியாது" என்று தள்ளிவிட்டார். சரி, சதவீதமே வேண்டாம் என்று ரூபாயில் சொன்னேன். எங்களுக்கு பேங்கில் 11 சதவீதத்தில் ஓ.டி., அதாவது ஓவர்டிராஃப்ட் கடன், இருக்கிறது. அதே 2,32,000ஐ அதில் 20 நாளுக்கு எடுத்தால் வட்டி 1,400 ரூபாய்கூட வராது. பேங்க் 1,400க்குத் தருவதை டிஸ்ட்ரிபியூட்டரிடம் 4,000 கொடுத்து வாங்குகிறோம். ஒரு பில்லுக்கு 2,600 நஷ்டம். கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி அவரே தட்டிப் பார்த்தார். பேசவில்லை. ஆனால் அடுத்த பில்லை எட்டாம் நாளே என்.இ.எஃப்.டி. போடச் சொல்லிவிட்டார்.

உங்கள் கடையில் எப்படி? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பெயிண்ட்

ஏன் இவ்வளவு சுத்த வேண்டும்? மாதத்துக்கு 2 சதவீதம், 12 மாதம், ஆக 24. எங்க அப்பா காலத்திலிருந்தே நாங்க இப்படித்தான் பார்க்கிறோம். 24 வட்டி அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 31 என்பது பயமுறுத்துகிற எண். நெட்டில் ஒரு கால்குலேட்டரில் போட்டால் இதே 2 சதவீதத்துக்கு 44 என்று வேறு காட்டுகிறது. ஆளுக்கு ஒரு கணக்கா?

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி, உங்கள் அப்பாவின் கணக்கில் ஒரே ஒரு இடம்தான் இடறுகிறது. முதல் 10 நாள் எல்லோருக்கும் இலவசம். தள்ளுபடி எடுப்பவரும் அந்த 10 நாளை அனுபவித்துவிட்டுத்தான் கட்டுகிறார். அதனால் 2 சதவீதம் கொடுத்து நீங்கள் வாங்குவது 30 நாள் இல்லை, 20 நாள். மாதக் கணக்கில் பெருக்கினால் அந்த 10 நாளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததாக ஆகிவிடும். வட்டி குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் 44. பில் முழுவதற்கும் 2 சதவீதம் என்று வைத்தால், 98 ரூபாயை வைத்துக்கொள்ள 2 ரூபாய். அதை 20 நாளிலிருந்து ஆண்டுக்குப் பெருக்கினால் 37.2. வட்டிக்கு வட்டி சேர்த்தால் 44.6. நெட்டில் வருவது இந்தக் கடைசி எண். தப்பில்லை, ஆனால் அதை ஓ.டி.யின் 11ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. அந்த 11க்கும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்த்தால் 11.6 ஆகிவிடும். அந்தம்மா ரூபாயில் போட்டுக் காட்டினார்களே, அதுதான் சுருக்கு வழி. அதே தொகை, அதே நாட்கள், இரண்டு பக்கமும் எத்தனை ரூபாய் என்று பார்த்தால் சண்டையே இல்லை.

சி.டி. எதன் மேல் என்று பார்த்ததும் நல்லது. வரிக்கும் சேர்த்துத் தள்ளுபடி வருவதுபோல 37 என்று எழுதிக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டுகிறவர்கள் உண்டு. சரக்குக்கு மட்டும் என்றால் 31.5தான்.

மஞ்சக்குப்பம்

நல்ல தகவல். எனக்குக் கடை எல்லாம் இல்லை, வீடு மட்டும்தான். கடலூர் மாநகராட்சியில் சொத்து வரியை ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 2 சதவீதத்தைவிட இது பெரிய லாபம் இல்லையா? இங்கே 31 என்றால் அதற்கு 70, 80 வருமா?

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

வராதுங்க. ஏப்ரல் 30ஐ விட்டால் அரையாண்டு முடிகிற செப்டம்பர் 30 வரை கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 153 நாள். 95 ரூபாயை 153 நாள் வைத்துக்கொள்ள 5 ரூபாய் விடுகிறீர்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 12.5 சதவீதம். சதவீதம் பெரிதா சிறிதா என்பது பாதிக் கதை, எத்தனை நாளுக்கு என்பது மீதிக் கதை. சேமிப்புக் கணக்கில் பணம் சும்மா கிடந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு நிலுவை வைப்பதாக இருந்தால் வேண்டாம்.

கடலூர் ஓ.டி., ஐஸ் வியாபாரம்

எல்லோருக்கும் ஓ.டி. இருக்கிறதுபோல பேசுகிறீர்கள். நான் சொல்கிற ஓ.டி. எங்க ஊர், ஓல்ட் டவுன். பேங்க் ஓ.டி. கிடையாது. இங்கே துறைமுகத்துப் பக்கம் அவசரத்துக்குத் தண்டல்தான். கையில் 9,000 தருவான், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். எனக்கு தெர்மோகோல் பெட்டி சப்ளை பண்ணுகிறவரும் இதே மாதிரி 10 நாளில் 2 சதவீதம் என்றார். பக்கத்துக் கடைக்காரர் அந்த 2 சதவீதத்தை விடக் கூடாது என்று தண்டல் எடுத்துக் கட்டினார். இப்போது அக்கா சொன்ன கணக்கைப் பார்த்தால் அவர் லாபமா நஷ்டமா?

நெல்லித்தோப்பு பைப் கடை, கணக்குப் பிரிவு

நஷ்டம்தான் அண்ணே. தண்டலில் 9,000க்கு 1,000 வட்டி என்று மேலோட்டமாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். சராசரியாக நம் கையில் நிற்பது பாதி, அதாவது 4,500 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 1,000 என்றால் ஆண்டுக்கு 80 சதவீதம் தாண்டுகிறது. 31 அல்லது 37ஐ மிச்சம் பிடிக்க 80 கொடுக்கிற கதை. அவர் சி.டி.யை விட்டுவிட்டு முப்பதாம் நாள் கட்டியிருந்தால் நல்லது. தள்ளுபடியை விட்டால் எவ்வளவு என்பதை, பணம் வேறெங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் பெயிண்ட்

சரி, 20 நாள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உண்மையைப் பேசுவோம். இந்தப் பக்கம் யார் முப்பதாம் நாள் கட்டுகிறார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் ஓடவே ஓடாது. நான் கட்டும்போது 60 நாள் ஆகிவிடும், அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்போதும் 31தானா?

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

இல்லை, குறையும். அதே பில்லை வைத்தே சொல்கிறேன். பத்தாம் நாளுக்குப் பதில் அறுபதாம் நாள் என்றால் 50 நாள் கிடைக்கிறது, கொடுப்பது அதே 4,000. ஆண்டுக்கு 12.6 சதவீதம். அறுபத்தேழாம் நாள் வரை இழுத்தால் 11க்கு வந்துவிடும், ஓ.டி.க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதற்கும் மேலே போனால் காகிதத்தில் ஓ.டி.யைவிட மலிவு! பில்லில் அச்சடித்த நாளை விட்டு, நீங்கள் உண்மையில் கட்டுகிற நாளை வைத்துப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் காகிதத்தில் வராத செலவு இருக்கிறது. இழுக்கிற கடைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் நேரடியாக ஒன்றும் சொல்ல மாட்டார். தீபாவளிக்கு முன் வெள்ளை எமல்ஷன் தட்டுப்பாடு வரும்போது உங்கள் ஆர்டர் லோடில் ஏறாது, அவ்வளவுதான். பழைய பில் முடியாமல் புது பில் போட மாட்டார். விலை ஏறப்போகிறது என்ற தகவலும் உங்களுக்குக் கடைசியில்தான் வரும்.

இன்னொன்று, சப்ளையர் மத்திய அரசின் உதயம் தளத்தில் பதிந்த குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் எல்லை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15. எல்லை தாண்டிய பில் மார்ச் 31இல் நிலுவையில் நின்றால் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கட்டிய ஆண்டில்தான். 2023-24லிருந்து இதுதான் நடைமுறை. டிஸ்ட்ரிபியூட்டர் வெறும் வாங்கி விற்பவர் என்றால் பொருந்துமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பெயிண்ட்

லோடில் ஏறாதது நிஜம் சார். போன தீபாவளிக்கு முன்னாடி அதுதான் நடந்தது. மழை என்று சாக்கு சொன்னார்கள்.

நெல்லித்தோப்பு பைப் கடை, கணக்குப் பிரிவு

சி.டி. எடுக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்கு வந்த தொல்லை தேதி. பத்து நாள் எதிலிருந்து? நாங்கள் சரக்கு இறங்கிய நாளிலிருந்து என்று நினைத்தோம், அவர்கள் பில் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். சென்னை குடோனிலிருந்து சரக்கு வர நான்கு நாள் ஆகிவிட்டால், இறக்கி எண்ணி உடைசல் பார்த்துப் பணம் ஏற்பாடு பண்ண ஆறு நாள்தான். செக் கொடுத்தாலும் கொடுத்த தேதி செல்லாது, அவர்கள் கணக்கில் பணம் ஏறிய நாள்தான். இப்போது பில் வந்ததும் எட்டாம் நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு நாள்காட்டியில் குறித்துவிடுகிறேன், செக் கிடையாது.

திருப்பாதிரிப்புலியூர் பெயிண்ட்

எங்க ஆள் பில்லில் கழிப்பதில்லை. முழுப்பணத்தையும் பத்து நாளில் வாங்கிக்கொண்டு, சி.டி.யைக் கிரெடிட் நோட்டாக மூன்று மாதம் முடிந்ததும் தருவார். அப்படியும் லாபமா?

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தாமதத்தால் போவது சொற்பம். 4,000 ரூபாய் 60 நாள் தள்ளி வந்தால் 11 சதவீதத்தில் 72 ரூபாய் நஷ்டம். முழுப்பணமாகக் கட்டுவதால் ஓ.டி. வட்டி இன்னும் இருபது, இருபத்தைந்து ரூபாய் கூடும். அப்படியும் 2,500 மிஞ்சும். நோட்டு கட்டாயம் வருமா என்பதுதான் கேள்வி.

திருப்பாதிரிப்புலியூர் பெயிண்ட்

அங்கேதான் சிக்கல். மூன்று மாதத்தில் ஒரு பில் தாமதமானாலும் மற்ற பில்களுக்கும் சி.டி. கிடையாது என்கிறார். அப்படியானால் அந்த ஒரு பில்லுக்கு மட்டும் கணக்குப் போடுவதா, மூன்று மாதத்துக்கும் சேர்த்தா?

நெல்லித்தோப்பு பைப் கடை, கணக்குப் பிரிவு

அந்த ஒரு பில்லால் போவது மூன்று மாதத்து மொத்த சி.டி. என்றால், அந்த மொத்தத்தையும் அந்த ஒரு பில்லின் தலையில்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது சதவீதம் எங்கேயோ போய்விடும். ஆனால் முதல் பில்லே தவறிவிட்டால் மீதிக்கு முன்கூட்டிக் கட்டுவதில் அர்த்தமே இல்லையே? சார் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த நிபந்தனையை எழுதித் தந்திருக்கிறாரா, வாய்ப்பேச்சா, அதை முதலில் சொல்லுங்கள் அண்ணே.