கருங்காய் பனையில் நுங்குப் பதத்தை வெட்டாமல் கண்டுபிடிப்பது எப்படி?

நுங்குக் குலையை மரத்திலேயே பார்த்துப் பதம் சொல்ல வேண்டும். தோல் பச்சையாக இருக்கும் மரங்களில் ஓரளவு முடிகிறது. பிஞ்சிலிருந்தே தோல் கறுத்திருக்கும் மரங்களில்தான் சிக்கல். கீழே இறக்கிச் சீவினால், ஒரே குலையில் சில காய் தண்ணீராக வழிகிறது, சில காய் முற்றிக் கடுக்காயாகிவிட்டது.

இதுவரை பார்த்தவை: நிறம் உதவவில்லை; நிழலில் எடுத்த படத்தில் பச்சைக் காய்கூடக் கருப்பாகத் தெரிகிறது. பருமனும் ஏமாற்றுகிறது. சுமார் 12 செ.மீ. குறுக்களவுள்ள இரண்டு காய்களை வெட்டியதில், ஒன்றில் சுளை கண்ணாடிபோல் தெளிந்து, நடுவில் நீர் நிறைந்திருந்தது. மற்றதில் சுளை வெளுத்துத் தடித்து, நீர்க்குழி சுருங்கி, சுற்றியுள்ள ஓடு கத்தியைத் தடுத்தது. வெட்டிய படத்தில் இந்த வேறுபாடு தெளிவு. ஆனால் வெட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

தென்னையில் இந்தத் தொல்லை இல்லை. செவ்விளநீர் மட்டை ஆரம்பத்திலிருந்தே ஆரஞ்சுதான், நிறத்தை நம்ப முடியாது. ஆனாலும் ஏறக்குறைய மாதம் ஒரு பாளை வெடிப்பதால், மேலிருந்து குலைகளை எண்ணினால் ஆறேழு மாதக் குலை கிடைத்துவிடும். பனையில் காய்ப்பே பருவத்தோடு முடிகிறது, குலைகளும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன; இந்தக் கணக்கு ஓடாது.

படங்கள்: முழுக்குலை, காம்புப் பக்கம், தொப்பியை ஒட்டிய தோல், மூன்று கண்ணும் தெரியும் வெட்டு. மரம் மானாவாரி நிலத்தில் நிற்கிறது.

கருங்காய் மரத்தில் தொப்பியிலோ காம்பிலோ எந்த அடையாளத்தைப் பார்த்து, குலையை இறக்குமுன் இளநுங்கைக் கடுக்காயிலிருந்து பிரிக்கிறீர்கள்?