டாய்லெட் ஸ்ப்ரே மாட்டினேன், டீ ஜாயின்ட்ல சொட்டுது. அவசரம் (ஸ்கார்பரோ)

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: வந்து ஆறு வாரம் ஆச்சு. டாய்லெட்டுக்கு ஹேண்ட் ஸ்ப்ரே வாங்கி நானே மாட்டினேன். தண்ணியை டேங்குக்கும் ஸ்ப்ரேக்கும் பிரிக்குற டீ அடாப்டர்ல சொட்டுச் சொட்டா ஒழுகுது, கீழே டப்பா வச்சிருக்கேன். மரையில டெஃப்லான் டேப் நல்லா சுத்தி ஸ்பேனர்ல இறுக்கியும் நிக்கல. சனிக்கிழமை மாமியார் வர்றாங்க. ப்ளீஸ், யாராவது சொல்லுங்க.

லூட்டன்_குமரன்: நீங்க தப்பான டீ வாங்கியிருப்பீங்க. டேங்குக்குப் போற குழாய் அரை இன்ச். 7/8 டீ வாங்கினா இப்படித்தான் ஆடும். அரை இன்ச் டீ வாங்கி மாட்டுங்க. இங்க வந்த முதல் வருஷம் வாளியும் மக்குமா ஓட்டினவங்க எத்தனையோ பேர், நீங்க ஆறு வாரத்துல முயற்சி பண்றீங்க.

வல்வை_பைப்: குமரன் சொல்லுறது இங்கிலாந்துக்குச் சரி, கனடாவுக்கு இல்லை. இங்க டேங்குக்கு அடியில இருக்கிற மரை 7/8, சுவரில இருக்கிற வால்வின்ர வாய் பெரும்பாலும் 3/8. ரெண்டுக்கும் இடையில ஒரு வளையிற ஹோஸ். டீ போக வேண்டிய இடம் டேங்குக்கு நேர் கீழே. தம்பி, முதல்ல நாலு விஷயம் சொல்லுங்கோ. எந்த மூட்டில ஒழுகுது: டீக்கு மேலயா, கீழயா, ஸ்ப்ரே ஹோஸ் பக்கமா? சுவர் வால்வை மூடினா ஒழுகல் நிக்குதா? பழைய ஹோஸ் வளையிறதா, குரோம் போட்ட விறைச்ச குழாயா? எத்தனையாம் மாடி?

பிராம்ப்டன்_சாந்தி: ஏங்க இவ்வளவு சிரமம்? சூடுதண்ணி வர்ற எலக்ட்ரிக் சீட் வாங்கிடுங்க. ஆனா பக்கத்துல ஷாக் அடிக்காம கரன்ட்டை நிறுத்துற GFCI ப்ளக் இருக்கணும், இல்லன்னா எலக்ட்ரீஷியன் வேணும். டேங்க் இல்லாம உடனே சூடாக்குற மாடல் ஒண்ணுக்கு ஆயிரத்துக்கு மேல வாட் தேவைப்படும். வாங்குறதுக்கு முன்னாடி சீட் போல்ட்டுக்கும் பேசின் முன்முனைக்கும் நடுவுல அளக்கணும். ஏறக்குறைய 16.5 இன்ச்னா வட்ட சீட், 18.5 இன்ச்னா நீள சீட். மாத்தி வாங்கினா ஒண்ணு முன்னால துருத்தும், இல்ல பொருந்தாது.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். ஒழுகுறது டீக்கு மேல, டேங்க் அடியில. சுவர் வால்வை முழுசா மூடினாலும் டேங்க்குள்ள மெல்லிசா தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. ஹோஸ் எஃகு பின்னல் போட்டது. ஒன்பதாவது மாடி, வாடகை வீடு. இன்னொண்ணு, மாட்டினதுக்கு அப்புறம் டேங்க் ‘ஸ்ஸ்’னு ஓயாம சத்தம் போடுது.

கணேஷ்_எட்மண்டன்: டேப் பத்தாது. எட்டு பத்து சுத்து போடுங்க, எல்லா மரையிலயும், அப்புறம் ஸ்பேனர் வச்சு இறுக்குங்க, நின்னுடும்.

வல்வை_பைப்: தயவு செய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. டேங்குக்கு அடியில நீட்டிக்கொண்டிருக்கிற மரை பிளாஸ்டிக். அந்த மூட்டை அடைக்கிறது மரை இல்லை, டீக்குள்ள தட்டையாக் கிடக்கிற ரப்பர் வாஷர்தான். டேப் தடிச்சா நட்டு மேல ஏற முன்னமே இறுகிப் போகும், வாஷர் பிளாஸ்டிக் விளிம்பில பட்டும் படாமலும் நிக்கும். அந்த இடைவெளியாலதான் உங்களுக்குச் சொட்டுது. அதுக்கு மேல ஸ்பேனரால இறுக்கினா பிளாஸ்டிக் வெடிக்கும், பிறகு சொட்டுறது நிண்டு பாய்ஞ்சு வரும். கீழே 3/8 வாயும் அப்பிடித்தான், டேப் வேண்டாம். அந்த ஹோஸுக்குள்ள ரப்பர் இருக்கு.

‘ஸ்ஸ்’ சத்தத்துக்குக் காரணமும் அந்த ஸ்பேனர்தான். டேங்குக்குக் கீழ நட்டைத் திருப்பேக்க உள்ளுக்க இருக்கிற தண்ணி ஏத்துற வால்வும் கூடச் சேந்து சுழண்டிருக்கும். மிதவை டேங்க் சுவரில உரசிக்கொண்டு முழுசா மேல வராது, தண்ணியும் நிக்காது. மூடியைத் தூக்கி விரலால மிதவையை மேல தள்ளிப் பாருங்கோ. சத்தம் நிண்டா அதுதான்.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: தூக்கினேன், நின்னுடுச்சு! மிதவை இடது பக்கச் சுவரைத் தொட்டுக்கிட்டு இருக்கு. இப்ப முறைப்படி எப்படிக் கழட்டி மாட்டணும்? வால்வு முழுசா மூடலையே, பயமா இருக்கு.

ஸ்கார்பரோ_ரேவதி: வாடகை வீட்டுல எதைத் தொட்டாலும் பயம்தான். போன் பண்ணா வாரக்கணக்குல வரமாட்டாங்க, வந்தா ஆயிரம் கேள்வி. தண்ணி வச்சு கழுவுறது ஏதோ ஆடம்பரம் மாதிரி பார்க்குறாங்க. காகிதம் மட்டும் போதும்னு எப்படித்தான் இருக்காங்களோ.

பிராம்ப்டன்_சாந்தி: பிள்ளை பெத்துட்டு வந்தவங்க, மூலம் இருக்குறவங்க, வயசானவங்க, இவங்களுக்கெல்லாம் காகிதம் எவ்வளவு கஷ்டம்! வாடகைக்கு விடுறப்பவே ஒரு ஸ்ப்ரே வச்சா என்ன குறைஞ்சிடப் போகுது?

கணேஷ்_எட்மண்டன்: ஒரு டீ மாட்ட ஆள் வந்தா டீயோட விலைக்குப் பல மடங்கு கேக்குறாங்க. அதனாலதான் நாமளே கையை வைக்க வேண்டியிருக்கு.

வல்வை_பைப்: சரி, அதைப் பிறகு கதைப்பம். அந்தத் தம்பியின்ர டப்பா நிறைஞ்சுகொண்டு இருக்கு.

வால்வில ரெண்டு விதமாக் கோளாறு வரும். கைபிடிக்குப் பின்னால தண்டோட ஈரம் கசிஞ்சா அங்க இருக்கிற சின்ன நட்டை எட்டில ஒரு சுத்து இறுக்கினாக் காணும். உங்கட வால்வு வெளியால ஒழுகேல்லை, மூடினாப் பிறகும் உள்ளால விடுது. அது உள்ள இருக்கிற ரப்பர் தேய்ஞ்சது. அதை மாத்த அந்த வரிசை வீடுகளுக்குப் போற தண்ணியை மூட வேணும், அது பில்டிங் சூப்பரின்டென்டென்ட் வேலை. ஒன்பதாம் மாடியில நீங்கள் அந்த வால்வைக் கழட்டப்படாது.

ஆனா மெல்லிசா வருதெண்டா டீ வேலையைச் செய்யலாம். வால்வை மூடுங்கோ, ஃப்ளஷ் அடியுங்கோ, அடியில மிஞ்சினதை ஸ்பாஞ்சால ஒற்றி எடுங்கோ. டீக்குக் கீழ பூட்டின ஹோஸ் நுனியைக் கழட்டி ஒரு வாளிக்குள்ள விடுங்கோ, சொட்டுறது அதுக்குள்ள விழட்டும். ஒரு நிமிஷத்தில வாளியில எவ்வளவு சேருதெண்டு பாருங்கோ. ஒரு கப் அளவெண்டா பத்து நிமிஷ வேலைக்குப் பயமில்லை. வாளி வேகமா நிறைஞ்சா உடனே ஹோஸைத் திரும்பப் பூட்டிட்டு சூப்பரின்டென்டென்டைக் கூப்பிடுங்கோ.

பிறகு டீயைக் கழட்டி மரையில சுத்தின டேப் முழுக்க உரிச்செடுங்கோ, ஒரு நூல் கூட மிஞ்சப்படாது. டீக்குள்ள வாஷர் இருக்கோ, தட்டையா இருக்கோ எண்டு விரல் விட்டுத் தடவிப் பாருங்கோ. பெட்டியில இருந்து எடுக்கேக்க அது கழண்டு விழுறது அடிக்கடி நடக்கும். இப்ப இடது கையை டேங்குக்குள்ள விட்டு ஏத்து வால்வை நேராப் பிடிச்சுக்கொண்டு, வலது கையால டீயைத் திருப்புங்கோ. கை இறுக்கம் முடிஞ்சாப் பிறகு நாலில ஒரு பங்கு சுத்துக்கு மேல வேண்டாம். கீழ ஹோஸுக்கும் அதே கணக்கு.

டீ போட்டா ஹோஸுக்கு இடம் குறையும். ஹோஸ் மடிஞ்சு நெரிஞ்சா வேற நீளம் வாங்குங்கோ, முனைகள் 3/8, 7/8 எண்டு கேட்டு வாங்கினாச் சரி.

சுவர் வால்வைத் திறந்தாப் பிறகு உலர்ந்த டிஷ்யூவால ஒவ்வொரு மூட்டையும் சுத்தித் துடையுங்கோ. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை டிஷ்யூ காட்டும். பத்து நிமிஷத்தில ஒருக்கா, அடுத்த நாள் காலமை ஒருக்கா.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: அண்ணே, வாஷர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது! போட்டேன், டேப் இல்லாம கையால இறுக்கினேன். அரை மணி நேரம் ஆச்சு, டிஷ்யூ காய்ஞ்சே இருக்கு, சத்தமும் இல்ல. ஆனா ஸ்ப்ரே ரொம்ப வேகமா அடிக்குது. மாமியாருக்கு ஆகாது.

கணேஷ்_எட்மண்டன்: டீயில இருக்குற சின்ன வால்வைப் பாதி திறந்து வச்சுடுங்க. வேகமும் குறையும், ஹோஸ் மேல பிரஷரும் பாதிதான் ஏறும், வெடிக்காது.

வல்வை_பைப்: முதல் பாதி சரி, ரெண்டாம் பாதி பிழை. இது எல்லாரும் விளங்க வேண்டிய விஷயம். பாதி திறந்தா தண்ணி ஓடேக்கதான் வேகம் குறையும். கைபிடியை விட்டு ஓட்டம் நிண்ட உடன, அந்தச் சின்ன ஓட்டையாலயே ஹோஸுக்குள்ள முழு பிரஷரும் ஏறி நிக்கும். ஸ்ப்ரேயின்ர ஹோஸும் தலையும் இரவு பகலா அந்தப் பாரத்தைத் தாங்கச் செய்தது இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் டீ வால்வை முழுசா மூடி, ஸ்ப்ரேயை ஒருக்கா அமத்தி ஹோஸில மிஞ்சினதை விடுங்கோ. மாமியாருக்கும் முதல் நாளே காட்டிக் குடுங்கோ. ஹோஸ் வெடிச்சா எட்டாம் மாடிக்காரற்ற கூரையால தண்ணி இறங்கும்.

ஸ்ப்ரேயைக் கொழுவுற கொக்கியைப் பேசின் விளிம்புக்கு மேல வையுங்கோ. தலை பேசின் தண்ணிக்குள்ள தொங்கினா, பில்டிங்கில பிரஷர் விழேக்க அழுக்குத் தண்ணி பின்னால உறிஞ்சப்படலாம். பின்னோட்டத்தைத் தடுக்கிற பாகமும் சேத்துப் போட வேணும். எந்த வகை வேணுமெண்டு சூப்பரின்டென்டென்டிட்டயே கேளுங்கோ.

லூட்டன்_குமரன்: இங்கிலாந்திலும் அதே பயம்தான். 1999ல வந்த தண்ணிக் குழாய் விதிகள்படி, பின்னோட்டத் தடுப்பு இல்லாம மெயின்ஸ்ல நேரா ஸ்ப்ரே மாட்ட முடியாது. பரண் மேல தொட்டி இருக்குற வீட்டுல பிரச்சினை தலைகீழ். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார்தான் கிடைக்கும். தொட்டி மூணு மீட்டர் மேல இருந்தா 0.3 பார், சின்ன ஸ்ப்ரேயில ஒழுகுற மாதிரிதான் வரும்.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: எங்க பில்டிங் பிரஷர் எவ்வளவுன்னு எப்படி அளக்குறது? வாஷிங் மெஷின் குழாயில அளக்கலாம்னா, அது கீழ் மாடியில பொதுவா இருக்கு.

வல்வை_பைப்: தோட்டக் குழாய் மரையில பூட்டுற பிரஷர் கேஜ் ஹார்ட்வேர் கடையில இருக்கும், சிவப்பு ஊசி உள்ளதைக் கேளுங்கோ. அந்த ஊசி அதிகபட்சம் எங்க போச்சோ அங்கேயே நிக்கும். கிச்சன் குழாய் நுனியில இருக்கிற சல்லடையைக் கழட்டி, தோட்டக் குழாய் மரைக்கு மாத்திற சின்ன அடாப்டர் போட்டு கேஜைப் பூட்டுங்கோ. இழுத்து வளைக்கிற ஹோஸ் உள்ள குழாயில செய்யாதேங்கோ. வீட்டில மற்ற எல்லாம் மூடியிருக்க ஒரு அளவு, ஷவரைத் திறந்து ஒரு அளவு. 40க்கும் 80க்கும் இடையில psi இருந்தா நல்லது. ஷவரைத் திறந்த உடன பாதிக்குக் கீழ விழுந்தா எங்கயோ அடைப்பு, இல்லாட்டி ஒரு வால்வு முழுசாத் திறபடேல்லை.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: அளந்தாச்சு. எல்லாம் மூடியிருக்கும்போது 62, ஷவர் திறந்தா 51. ஆனா ராத்திரி முழுக்க விட்டதுல சிவப்பு ஊசி 86ல நிக்குது.

வல்வை_பைப்: 62ம் 51ம் நல்லது. 86 ரெண்டு காரணத்தால வரலாம். இரவில ஆரும் பாவிக்காததால பிரஷர் மெதுவா ஏறி நிண்டிருக்கலாம். இல்லாட்டி பக்கத்து வீட்டில ஆரோ டக்கெண்டு குழாயை மூடின அடி ஒரு கணம் பாய்ஞ்சிருக்கலாம். சிவப்பு ஊசி ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. இண்டைக்கு இரவு ரெண்டு மணிபோல எழும்பி கறுப்பு ஊசியைப் பாருங்கோ. அது 80க்கு மேல ஆடாம நிண்டா சூப்பரின்டென்டென்டுக்கு எழுதுங்கோ, பிரஷர் குறைக்கிற வால்வு பில்டிங்கின்ர பொறுப்பு. அதே கடிதத்தில அந்தத் தேய்ஞ்ச சுவர் வால்வையும் சேத்து எழுதுங்கோ.

ஸ்கார்பரோ_ரேவதி: கடிதம் எழுதினா ஸ்ப்ரேயைக் கழட்டச் சொல்லமாட்டாங்களா?

வல்வை_பைப்: சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், பில்டிங்கைப் பொறுத்தது. லீஸில என்ன இருக்கெண்டு முதல்ல வாசியுங்கோ. கழட்ட வேண்டி வந்தாலும் அஞ்சு நிமிஷ வேலைதான். பழைய ஹோஸைத் தூக்கி எறியாமப் பத்திரமா வையுங்கோ.

மதுரைக்காரன்_ஸ்கார்பரோ: ரெண்டு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன்.